ஒரே குழந்தையிடம் நான்கு முறை கேட்டால்: ஜி.இ.இ. முடிவை எப்படி எழுதுவது, ஒட்டுறவு அமைப்புக்கு என்ன காரணம் சொல்வது

"எக்ஸ்சேஞ்சபிள் ஒட்டுறவு அமைப்புடன் ஜி.இ.இ. பயன்படுத்தப்பட்டது." ஆய்வேடுகளிலும் மருத்துவக் கட்டுரைகளிலும் இந்த ஒற்றை வரி அடிக்கடி வரும். ஜி.இ.இ. என்பது ஜெனரலைஸ்டு எஸ்டிமேட்டிங் ஈக்வேஷன்ஸ், ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப எடுத்த பதிவுகளை ஆய்வதற்கான முறை. ஏன் அந்த அமைப்பு என்று கேட்டால், "சாஃப்ட்வேரில் அதுதான் இருந்தது" என்பதுதான் பெரும்பாலும் உண்மையான பதில். யாரும் அதை எழுத்தில் ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு நிஜத் தரவை வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆறு ஊர்களில் காற்று மாசையும் உடல்நலத்தையும் நீண்ட காலம் கவனித்து வந்தார்கள். அந்த ஊர்களில் ஒன்று ஒஹாயோ மாநிலத்தின் ஸ்டூபன்வில். அங்கே 537 குழந்தைகளை 7, 8, 9, 10 வயதில், ஆண்டுக்கு ஒரு முறை பார்த்து, வீசிங் இருக்கிறதா இல்லையா என்று குறித்த தரவு ஒன்று உண்டு. அம்மா புகைப்பவரா என்பது முதல் ஆண்டில் மட்டும் பதிவானது. 350 குழந்தைகளின் அம்மாக்கள் புகைக்காதவர்கள், 187 பேருடைய அம்மாக்கள் புகைப்பவர்கள். `R` நிரலில் `geepack` தொகுப்பை நிறுவினால் `ohio` என்ற பெயரில் இந்தத் தரவும் கூடவே வந்துவிடும். ஆகவே கீழே வரும் எண்களை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம்.

537 குழந்தைகள், ஆளுக்கு நான்கு பதிவு, மொத்தம் 2148 வரிசைகள். விடை ஆம் அல்லது இல்லை. லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போடலாம் என்றுதான் கை முதலில் போகும். ஆனால் அது 2148 வரிசைகளையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 2148 குழந்தைகளாக எடுத்துக்கொள்கிறது. அது எவ்வளவு தவறு என்று எண்ணியே பார்த்துவிடலாம். இந்த 537 பேரில் நான்கு ஆண்டும் வீசிங் இருந்தவர்கள் 18 பேர். ஒவ்வொரு ஆண்டின் வீசிங்கும் முந்தைய ஆண்டுகளோடு தொடர்பே இல்லாமல் வந்திருந்தால் அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நான்கு ஆண்டுகளின் விகிதங்களை (சுமார் 16, 17, 16, 12 சதவீதம்) பெருக்கி 537ஆல் பெருக்கினால் 0.27 வருகிறது. ஒரு குழந்தைகூட இல்லை. வீசிங் உள்ள குழந்தைக்கு அது அடுத்த ஆண்டும் வரும் என்பது எந்த அம்மாவுக்கும் தெரியும். சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்குத்தான் தெரியாது.

இந்தச் சிக்கலுக்கு லியாங், ஜெகர் என்ற இருவர் 1986ல் கொடுத்த வழிதான் ஜி.இ.இ. கருத்து எளிமையானது. நமக்கு வேண்டியது சராசரி: புகைக்கும் அம்மாக்களின் குழந்தைகளில் வீசிங் விகிதம் என்ன, மற்றவர்களில் என்ன? ஒரே குழந்தையின் நான்கு விடைகள் எப்படிச் சேர்ந்து போகின்றன என்பது நம் கேள்வி அல்ல, ஆனால் அதைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது. அதனால் அதற்கு ஓர் உத்தேச வடிவத்தை நாமே வைத்துக்கொள்கிறோம். இதைத்தான் வொர்க்கிங் கோரிலேஷன் என்கிறார்கள். வேலை நடப்பதற்காக வைத்துக்கொண்ட ஒட்டுறவு அமைப்பு என்று பொருள். அது உண்மையாகவே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உத்தேசம் தவறிப்போனாலும், சராசரிக்கான சமன்பாடு சரியாக இருந்தால் குணகங்களின் மதிப்பீடு தடம் மாறாது. திட்டப் பிழையையும் நம் உத்தேசத்தை நம்பிக் கணக்கிடாமல், குழந்தைக்குக் குழந்தை எச்சங்கள் உண்மையில் எப்படிச் சேர்ந்து நகர்ந்தன என்று பார்த்தே கணக்கிடுகிறார்கள். அதன் பெயர் சாண்ட்விச் திட்டப் பிழை.

சரி, தவறினாலும் பரவாயில்லை என்றால் எந்த அமைப்பைத் தேர்ந்தால் என்ன? பிறகு இந்தக் கேள்விக்கு வருகிறேன். முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம்.

```r
library(geepack)
data(ohio)
m <- geeglm(resp ~ age + smoke, id = id, data = ohio,
            family = binomial, corstr = "exchangeable",
            scale.fix = TRUE)
summary(m)
```

இங்கே `age` என்பது வயதிலிருந்து 9ஐக் கழித்தது. எக்ஸ்சேஞ்சபிள் என்றால், ஒரு குழந்தையின் எந்த இரண்டு ஆண்டுகளை எடுத்தாலும் ஒட்டுறவு ஒரே அளவு என்று வைத்துக்கொள்வது. அந்த ஒற்றை எண் இங்கே 0.354 வருகிறது.

புகைக்கான குணகத்தைப் பாருங்கள். சாதாரண லாஜிஸ்டிக்கில் அது 0.272, திட்டப் பிழை 0.123, பி-மதிப்பு 0.03க்கு அருகே. ஜி.இ.இ.யில் குணகம் 0.265. கிட்டத்தட்ட அதேதான். ஆனால் திட்டப் பிழை 0.178 ஆகிவிடுகிறது, பி-மதிப்பு 0.14க்குப் போகிறது. அதாவது "புகைக்குத் தெளிவான தொடர்பு" என்று எழுத வைத்திருந்த வாக்கியம் போயே போச்சு.

வயதுக்கான குணகத்தில் கதை தலைகீழ். இரண்டிலும் −0.113 தான், ஆனால் திட்டப் பிழை 0.054லிருந்து 0.044 ஆகக் குறைகிறது. ஒட்டுறவைக் கணக்கில் எடுத்தால் திட்டப் பிழை எப்போதும் பெரிதாகும் என்று பலர் மனதில் பதித்து வைத்திருக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

காரணம் இது. அம்மா புகைப்பவரா என்பது ஒரு குழந்தையின் நான்கு வரிசையிலும் மாறாது. ஒரே ஆளிடம் நான்கு முறை கேட்டுவிட்டு நான்கு சாட்சி இருக்கிறது என்று சொல்ல முடியாது அல்லவா? 0.354 ஒட்டுறவில் நான்கு பதிவுகள் இருந்தால் மாறளவு 1 + 3 × 0.354, அதாவது 2.06 மடங்காகும். அதன் வர்க்கமூலம் 1.44. பழைய திட்டப் பிழை 0.1235ஐ அதனால் பெருக்கினால் 0.177 வருகிறது. மாடல் கொடுத்த எண்ணும் கிட்டத்தட்ட அதுவே. வயது அப்படியல்ல, குழந்தைக்கு உள்ளேயே மாறுகிறது. அந்தக் குழந்தையின் 7 வயதை அதன் 10 வயதோடு ஒப்பிடும்போது, அதன் தனிப்பட்ட உடல்வாகு இரண்டு பக்கமும் கழிந்துவிடுகிறது. ஆகவே மாறளவு 1 − 0.354 மடங்காகக் குறைகிறது. எந்த மாறி குழந்தைகளுக்கு இடையே மாறுகிறது, எது குழந்தைக்குள் மாறுகிறது என்பதைக் கட்டுரையில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், திட்டப் பிழை ஏன் இப்படி நகர்ந்தது என்று வாசகருக்குத் தானாகப் புரியும்.

இப்போது அமைப்புக்குக் காரணம் சொல்லும் இடத்துக்கு வருவோம்.

முதல் காரணம் எப்போதும் தரவு எப்படிச் சேர்ந்தது என்பதிலிருந்து வர வேண்டும். ஒரு வீட்டில் நான்கு பேர், ஒரு வாயில் நான்கு பற்கள் என்றால் இவர்களுக்குள் முன்பின் வரிசை கிடையாது. அங்கே எல்லா ஜோடிக்கும் ஒரே ஒட்டுறவு என்று வைப்பது இயல்பு. ஆண்டுக்கு ஒரு முறை எடுத்த பதிவு என்றால் காலம் என்ற வரிசை வந்துவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து ஆண்டுகள் நெருங்கியும், விலகிய ஆண்டுகள் தளர்ந்தும் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அதற்கென்றே இருப்பது ஏ.ஆர்-1. ஓர் ஆண்டு இடைவெளியில் ஒட்டுறவு எவ்வளவோ, இரண்டு ஆண்டில் அதன் வர்க்கம், மூன்று ஆண்டில் அதன் கனம்.

அந்த யோசனைப்படி பார்த்தால் ஸ்டூபன்வில் தரவுக்கு ஏ.ஆர்-1 தானே பொருத்தம்? பலரும் அப்படித்தான் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஜோடி ஜோடியாகப் பார்க்க இரண்டு வரி போதும்.

```r
w <- matrix(ohio$resp, ncol = 4, byrow = TRUE)
round(cor(w), 2)
```

வருவது இது (ஓரங்களில் இருப்பவை வயதுகள், மறுபாதியும் மூலைவிட்டமும் இங்கே தேவையில்லை):

```
       8     9    10
7    0.35  0.31  0.33
8          0.44  0.33
9                0.38
```

ஓர் ஆண்டு இடைவெளி ஜோடிகள் 0.35, 0.44, 0.38. சராசரி 0.39. ஏ.ஆர்-1 உண்மையானால் இரண்டு ஆண்டு இடைவெளியில் 0.15ம் மூன்று ஆண்டு இடைவெளியில் 0.06ம் வர வேண்டும். வந்திருப்பதோ 0.31, 0.33, அப்புறம் 7க்கும் 10க்கும் இடையே 0.33. தேய்மானமே இல்லை என்று சொல்ல முடியாது, பக்கத்து ஆண்டுகள் கொஞ்சம் நெருக்கம்தான். ஆனால் ஏ.ஆர்-1 சொல்லும் வேகத்தில் அது தேயவில்லை. நோயின் இயல்போடும் இது பொருந்துகிறது. சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் எளிதில் சுருங்கும் தன்மை ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கும். நான்கு ஆண்டும் வீசிங் வந்த அந்த 18 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். நீடிக்கும் தன்மை ஒட்டுறவை எல்லா ஜோடிகளிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிறுத்துகிறது. அதன் மேல் சிறிய அளவில் பக்கத்து ஆண்டு நெருக்கம். ஆறு எண்களின் சராசரி 0.357, மாடல் கொடுத்த 0.354க்குப் பக்கத்திலேயே. இந்தத் தரவுக்கு எக்ஸ்சேஞ்சபிள் என்பதற்கு இதுதான் காரணம்.

கறாராகச் சொன்னால் இந்தக் கணக்கை மூல விடைகளில் அல்ல, மாடலின் எச்சங்களில் போட வேண்டும். இங்கே வயது, புகை இரண்டின் விளைவும் சிறியது என்பதால் விடை மாறவில்லை. விளைவு பெரிதாக இருக்கும் தரவில் மூல விடைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்று. 0.35 என்பதை "பலவீனமான ஒட்டுறவு" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ஆம்/இல்லை விடைகளில் ஒட்டுறவால் எல்லா நேரமும் 1ஐத் தொட முடியாது. 8 வயதில் 17 சதவீதம், 10 வயதில் 12 சதவீதம் என்றால், 10 வயதில் வீசிங் உள்ள எல்லோருக்கும் 8 வயதிலும் இருந்திருந்தாலும்கூட ஒட்டுறவு 0.81க்கு மேல் போகாது. விகிதங்கள் இன்னும் விலகி இருந்தால் இந்த உச்சவரம்பு இன்னும் கீழே இறங்கும். இதே 8, 10 வயது ஜோடியை ஆட்ஸ் விகிதமாகப் பார்த்தால் ஏழுக்கும் மேல் வருகிறது. அதைப் பலவீனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எல்லா ஜோடிக்கும் தனித்தனி எண் கொடுக்கும் அமைப்பும் இருக்கிறது, `unstructured`. நான்கு பதிவுக்கு ஆறு எண்கள், 537 குழந்தைகள். இங்கே தாராளமாக முடியும். பத்துப் பதிவு என்றால் 45 எண்கள் வேண்டும். குழந்தைகள் அறுபது பேர்தான் என்றால் மாடல் ஒருங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அல்லது மேலே சொன்ன வரம்பைத் தாண்டிய எண்ணைக் கொடுக்கும்.

க்யூ.ஐ.சி. என்ற அளவுகோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பான் என்பவர் 2001ல் கொடுத்தது. "க்யூ.ஐ.சி. குறைவாக இருந்த அமைப்பைத் தேர்ந்தோம்" என்பதே பல கட்டுரைகளில் முழுக் காரணம். என் கணிப்பில் அது துணைச் சான்று மட்டுமே. அந்த அளவின் பெரும்பகுதி சராசரிச் சமன்பாடு எவ்வளவு பொருந்துகிறது என்பதிலிருந்து வருகிறது. அமைப்பை மாற்றினால் அசைவது ஓரத்தில் உள்ள சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதியை மட்டும் தனியே எடுத்தது சி.ஐ.சி., 2009ல் வந்தது. அமைப்புகளை ஒப்பிட அதுவே மேல். `QIC(m)` என்று அடித்தால் `geepack` இரண்டையும் தரும்.

நான் தள்ளிவைத்த கேள்வி: தவறினாலும் பரவாயில்லை என்றால் ஏன் இவ்வளவு பாடு? இந்தத் தரவில் உண்மையாகவே பெரிய பாதிப்பு இல்லை. ஒட்டுறவே இல்லை என்று கொள்ளும் `independence` அமைப்பை வைத்து சாண்ட்விச் திட்டப் பிழை எடுத்தாலும் புகைக்கு 0.178 தான் வரும். எல்லோருக்கும் நான்கு பதிவும் முழுதாக இருப்பதால் வந்த வசதி அது. சிலருக்கு இரண்டு, சிலருக்கு எட்டு என்று பதிவுகள் கலைந்திருந்தால், உண்மைக்கு நெருங்கிய அமைப்பு திட்டப் பிழையைக் கண்கூடாகக் குறைக்கும்.

ஆனால் சாண்ட்விச் காப்பாற்றாத இடங்கள் உண்டு. குழந்தை ஒவ்வொன்றும் ஒரு கொத்து. கொத்துகள் குறைவாக இருந்தால், நாற்பதுக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள், சாண்ட்விச் திட்டப் பிழை உண்மையைவிடச் சிறிதாக வரும். பன்னிரண்டு கிராமங்களில் நடத்திய ஆய்வில் ஆறாயிரம் பேர் இருந்தாலும் கொத்து பன்னிரண்டுதான். அங்கே மேன்கல்–டிரூவன் போன்ற சிறு மாதிரித் திருத்தம் போட்டு, எதைப் போட்டோம் என்று எழுத வேண்டும்.

விட்டுப்போன பதிவுகள் அடுத்தது. வீசிங் அதிகமான குழந்தையை அடுத்த ஆண்டு பெற்றோர் அழைத்து வரவில்லை என்றால், எந்த அமைப்பை வைத்தாலும் சாதாரண ஜி.இ.இ. சாய்ந்துவிடும். எடையிட்ட ஜி.இ.இ. அல்லது பன்முறை நிரப்புதல் தேவைப்படும்.

அதிகம் கவனிக்கப்படாதது மூன்றாவது. அம்மா புகைப்பதை ஒவ்வோர் ஆண்டும் கேட்டிருந்தார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். குழந்தைக்கு 8 வயதில் வீசிங் வந்ததைப் பார்த்துப் பயந்து ஒரு அம்மா 9வது வயதில் புகைப்பதை விட்டுவிடுகிறார். இப்போது இந்த ஆண்டின் விடை அடுத்த ஆண்டின் மாறியை ஆட்டுகிறது. எக்ஸ்சேஞ்சபிள், ஏ.ஆர்-1 போன்ற அமைப்புகள் ஓர் ஆண்டின் விடையை மற்ற ஆண்டுகளின் மாறியோடும் கலந்துதான் எடை போடும். அந்தக் கலப்பில் திட்டப் பிழை மட்டுமல்ல, குணகமே கோணலாகலாம். 1994ல் பெப்பி, ஆண்டர்சன் இருவரும் இதைக் காட்டினார்கள். அப்படிப்பட்ட தரவில் `independence` என்பது சோம்பேறித் தேர்வு இல்லை, காரணத்தோடு செய்த தேர்வு. ஸ்டூபன்வில்லில் புகை ஒரே முறை பதிவானதால் இந்தத் தொல்லை எழவில்லை.

இவ்வளவும் கட்டுரையில் எத்தனை வரி பிடிக்கும்? முறைகள் பகுதியில் நான் இப்படி எழுதுவேன்:

"7 முதல் 10 வயது வரை ஆண்டுதோறும் பதிவான வீசிங்கை (ஆம்/இல்லை) லாஜிட் இணைப்புடன் ஜி.இ.இ. வழியே ஆய்ந்தோம். கொத்து என்பது குழந்தை (537 கொத்து, ஒவ்வொன்றிலும் 4 பதிவு, விடுபட்டவை இல்லை). ஆண்டு ஜோடிகளின் ஒட்டுறவு 0.31 முதல் 0.44 வரை இருந்தது. இடைவெளி கூடக்கூட ஏ.ஆர்-1 எதிர்பார்க்கும் அளவுக்கு அது குறையவில்லை. ஆகவே எக்ஸ்சேஞ்சபிள் அமைப்பைத் தேர்ந்தோம். திட்டப் பிழைகள் சாண்ட்விச் முறையில் கணக்கிடப்பட்டன. `independence` அமைப்பிலும் கணக்கிட்டு ஒப்பிட்டோம். `R`, `geepack`."

முடிவுகள் பகுதியில்: "புகைக்கும் அம்மாக்களின் குழந்தைகளில் வீசிங்கின் ஆட்ஸ் 1.30 மடங்கு (95% நம்பிக்கை இடைவெளி 0.92 முதல் 1.85). வயது ஓராண்டு கூடும்போது ஆட்ஸ் 0.89 மடங்கு (0.82 முதல் 0.97). குழந்தைக்குள் ஒட்டுறவு மதிப்பீடு 0.35. `independence` அமைப்பிலும் புகைக்கான குணகமும் (0.27) அதன் திட்டப் பிழையும் (0.18) ஏறக்குறைய மாறவில்லை."

அமைப்பைத் தரவைப் பார்த்த பிறகு தேர்ந்திருந்தால், மேலே உள்ளதுபோல அதை வெளிப்படையாகவே எழுதுங்கள். ஆய்வுத் திட்டத்திலேயே முன்கூட்டி எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது, அதையும் சொல்லுங்கள். நான்கு அமைப்புகளையும் ஓட்டி, பி-மதிப்பு பிடித்த இடத்தில் நின்றுகொண்டு காரணத்தைப் பிறகு தேடுவதுதான் கூடாதது. ஒப்பிட்ட அமைப்புகளின் விடைகளை இணைப்பில் கொடுத்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

1.30 என்பதை எப்படி வாசிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். "இந்த அம்மா புகைப்பதை நிறுத்தினால் இந்தக் குழந்தையின் ஆட்ஸ் இவ்வளவு குறையும்" என்பது அதன் பொருள் அல்ல. புகைக்கும் அம்மாக்களின் குழந்தைகள் என்ற கூட்டத்தை மற்றக் கூட்டத்தோடு ஒப்பிட்ட எண் அது. குழந்தைக்கு ஒரு தனி விளைவு கொடுக்கும் கலப்பு மாடலை இதே தரவில் ஓட்டினால் புகைக்கான குணகம் 0.4க்கு அருகே வரும். இரண்டில் ஒன்று தவறு என்று பொருளல்ல, கேட்ட கேள்விகள் வேறு. ஆனால் ஒன்றின் எண்ணுக்கு மற்றதன் வாக்கியத்தை எழுதினால் அது தவறுதான்.

கடைசியாக, நானே மாட்டிக்கொண்ட ஒன்று. `geeglm` ஒரே குழந்தையின் வரிசைகள் அடுத்தடுத்து இருக்கும் என்று நம்பிக்கொள்கிறது. வேறு ஒரு தரவில் நான் வரைபடம் போடுவதற்காக வயதுவாரியாக வரிசை மாற்றியதை மறந்துவிட்டு மாடலை ஓட்டினேன். ஒவ்வொரு வரிசையும் தனிக் கொத்தாக எண்ணப்பட்டு, திட்டப் பிழைகள் அழகாகச் சிறுத்து வந்தன. மகிழ்ந்துபோய் ஒரு மாலை முழுக்க முடிவுகளை எழுதினேன். `summary` தரும் பக்கத்தின் அடியில் `Number of clusters` என்று ஒரு வரி இருக்கும், பக்கத்திலேயே `Maximum cluster size`. ஸ்டூபன்வில்லுக்கு அவை 537, 4 என்று இருக்க வேண்டும். 2148, 1 என்று இருந்தால் குணகங்களைப் பார்க்கவே வேண்டாம். முதலில் `id` வாரியாக, அதற்குள் வயது வாரியாக வரிசைப்படுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.